பதினாறில் இரண்டு கெட்டால்: கேபிள் மோடத்தின் நிலைப் பக்கத்தை வாசிப்பது எப்படி

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா ஒருநாள் போனில் சொன்னாள்: "டேய், ஸ்பீடு டெஸ்ட் போட்டா இருநூறு காட்டுது. ஆனா வீடியோ கால்ல மட்டும் உன் குரல் உடைஞ்சு உடைஞ்சு வருது. மோடத்தை தினமும் ஆஃப் பண்ணி ஆன் பண்றேன், ஒண்ணும் மாறல." அவள் வீட்டில் இருப்பது தொலைக்காட்சிக் கேபிள் வழியே வரும் பிராட்பேண்ட். வேகம் சரி, பேச்சு மட்டும் உடைகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது மோடத்தின் நிலைப் பக்கத்தைத்தான். அன்று அந்தப் பக்கத்தில் கண்டதையும், அதை எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பாண்டிங் என்றால் என்ன

கேபிளில் ஒரு தொலைக்காட்சி சேனல் அமெரிக்காவில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ளும். இணையத்துக்கும் அதே அளவுத் துண்டுகளைத்தான் ஒதுக்கினார்கள். 256 க்வாம் முறையில் பண்பேற்றம் செய்தால் அப்படி ஒரு துண்டு வினாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் சுமக்கும். அதற்கு மேல் ஒரே சேனலில் போக வழியில்லை. 2006இல் கேபிள்லேப்ஸ் அமைப்பு வெளியிட்ட, கேபிள் இணையத்துக்கான டாக்சிஸ் 3.0 தரம் இதைத் தாண்ட ஒரு வழி சொன்னது. பல சேனல்களை ஒரே நேரத்தில் கேட்கும் மோடம், எல்லாவற்றிலும் வரும் தரவை ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். அதுதான் சேனல் பாண்டிங். 16 சேனல்கள் பிணைந்தால் 600 மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும்.

இதற்குள் ஒரு நுணுக்கம் உண்டு. கேபிள் நிலையத்தில் இருக்கும் சிஎம்டிஎஸ் கருவி ஒரு பாக்கெட்டை ஒரு சேனலிலும் அடுத்ததை இன்னொன்றிலும் போடுகிறது. அவை முன்பின்னாக வந்து சேரக்கூடும் என்பதால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரிசை எண் இருக்கும். மோடம் அந்த எண்ணைப் பார்த்து அடுக்கி, ஒழுங்கான வரிசையில்தான் உங்கள் ரூட்டருக்குக் கொடுக்கும். நடுவில் ஒரு எண் வரவில்லை என்றால் என்ன ஆகும்? பின்னால் வந்தவை கையில் இருந்தும், விடுபட்டது தாமதமாக வரலாம் என்று மோடம் காத்திருக்கும். மற்ற எல்லா சேனல்களிலும் அதற்குப் பிந்தைய எண்கள் வந்துவிட்டால் தொலைந்தது என்று உடனே கைவிடும். இல்லாவிட்டால் 18 மில்லிநொடி வரை பொறுக்கும்.

ஒரு சேனல் கெட்டால் இழப்பு அந்தச் சேனலோடு நிற்பதில்லை என்பது இதிலிருந்து புரியும். நன்றாக இருக்கும் சேனல்களில் வந்த பாக்கெட்டுகளும் வரிசையில் நின்று தாமதப்படுகின்றன. பெரிய கோப்பை இறக்கும்போது இது தெரியாது. ஸ்பீடு டெஸ்டும் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளப்பதால் சிறு இழப்புகள் அதில் மறைந்துபோகும். இருபது மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு சிறு துண்டுக் குரலை எதிர்பார்க்கும் வீடியோ கால்தான் முதலில் உடையும்.

பக்கத்தைத் திறப்பது

உலாவியில் இந்த முகவரியைத் தட்டுங்கள்:

```
http://192.168.100.1
```

தனி மோடமாக இருந்தால் பெரும்பாலும் இதிலேயே திறக்கும். மோடமும் வைஃபை ரூட்டரும் ஒரே பெட்டியில் இருந்தால் முகவரி `10.0.0.1` அல்லது `192.168.0.1` ஆக இருக்கலாம். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். தனி ரூட்டர் வழியாகப் போய்ப் பக்கம் வரவில்லை என்றால் மடிக்கணினியை ஈதர்நெட் கம்பியால் மோடத்திலேயே செருகிப் பாருங்கள்.

திறக்கும் முன் மோடத்தை அணைத்துப் போடாதீர்கள். பிழைகளின் எண்ணிக்கை எல்லாம் மோடம் கடைசியாக எழுந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அணைத்தால் பூஜ்யம் ஆகிவிடும். தினமும் அணைத்துப் போட்ட அக்கா, தெரியாமல் தினமும் சாட்சியை அழித்துக்கொண்டிருந்தாள். அன்று அணைக்க வேண்டாம் என்று சொல்லி, மறுநாள் மாலை பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

டவுன்ஸ்ட்ரீம் அட்டவணை

பக்கத்தில் `Downstream Bonded Channels` என்ற தலைப்பில் ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். அக்கா வீட்டில் 705 முதல் 795 மெகாஹெர்ட்ஸ் வரை 6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 வரிகள். எல்லாவற்றிலும் `Locked`, எல்லாவற்றிலும் `QAM256`. மோடம் அட்டைப்பெட்டியில் 24 சேனல் என்று எழுதியிருக்க, இங்கே 16 மட்டும் இருப்பது குறையா என்று பலர் கேட்பார்கள். குறை இல்லை. மோடத்தால் 24 கேட்க முடியும், நிறுவனம் 16 தருகிறது, அவ்வளவுதான். உங்கள் திட்டத்தின் வேகத்தையும் சேனல் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. மோடம் எழும்போது நிறுவனத்திடமிருந்து இறக்கிக்கொள்ளும் அமைப்புக் கோப்பில்தான் அந்த வரம்பு இருக்கிறது. சேனல்கள் அதிகமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பங்கிடும் சாலை அகலமாக இருக்கும். நேற்று 16 இருந்தது இன்று 13 ஆகிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பார்க்க வேண்டிய பத்திகள் மூன்று. `Power` என்பது மோடத்துக்கு வந்து சேரும் சிக்னலின் வலு. டிபிஎம்வி அளவில் 0 என்றால் ஒரு மில்லிவோல்ட். தரம் அனுமதிப்பது -15 முதல் +15 வரை. நடைமுறையில் -7க்கும் +7க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. `SNR` என்பது சத்தத்துக்கு மேல் சிக்னல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது. 256 க்வாமுக்கு 33 டெசிபலுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். 36, 38 எல்லாம் ஆரோக்கியம். மூன்றாவது `Uncorrectables`. மோடத்தால் திருத்தவே முடியாமல் தூக்கிப் போட்ட தரவுக் கட்டங்களின் எண்ணிக்கை அது. பக்கத்திலிருக்கும் `Corrected` திருத்திவிட்ட பிழைகள். அது மட்டும் ஏறினால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

தனித்தனி எண்ணைவிட அட்டவணையின் வடிவம்தான் அதிகம் பேசும். மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டுங்கள். அதிர்வெண் உயர உயர `Power` சீராகச் சரிந்தால் கம்பி மிக நீளம், அல்லது வழியில் ஏதோ உயர் அதிர்வெண்ணை உறிஞ்சுகிறது. நடுவில் இரண்டு மூன்று சேனல்களில் மட்டும் `Power` குழி விழுந்தால் கம்பியில் நீர் புகுந்தோ நசுங்கியோ இருக்கலாம். எல்லா வரியிலும் `SNR` ஒரேயடியாகத் தாழ்ந்திருந்தால் சிக்னலே மெலிந்து வருகிறது, அல்லது கோளாறு வீட்டுக்கு வெளியே. அக்காவின் அட்டவணையில் நடுப்பகுதி இப்படி இருந்தது:

```
Frequency   Power       SNR       Corrected   Uncorrectables
735 MHz     -3.0 dBmV   38.4 dB          41               0
741 MHz     -3.1 dBmV   38.1 dB          57               0
747 MHz     -3.0 dBmV   30.8 dB      914220           21406
753 MHz     -3.1 dBmV   28.9 dB     2203871           97313
759 MHz     -3.2 dBmV   38.3 dB          38               0
```

மற்ற 11 வரிகளும் 735இன் வரியைப் போலவே. இரண்டில் மட்டும் `SNR` எட்டு, ஒன்பது டெசிபல் விழுந்திருக்கிறது. ஆனால் `Power` துளியும் மாறவில்லை. சிக்னல் குறையவில்லை, அதன் மேல் வேறு ஏதோ வந்து ஏறியிருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து ஒரு வானொலி அலை கம்பிக்குள் புகுந்துவிட்டது.

எந்த அலை என்பதும் அந்த இரண்டு எண்களிலேயே இருந்தது. அமெரிக்காவில் 746 முதல் 756 மெகாஹெர்ட்ஸ் வரை 4ஜி எல்டிஇ கைபேசிக் கோபுரங்கள் ஒலிபரப்பும் பகுதி. 2009 வரை அது வான்வழித் தொலைக்காட்சிக்கு உரியதாக இருந்தது. அனலாக் ஒளிபரப்பு நின்றபின் கைபேசிக்குப் போனது. கேபிளின் 753 சேனல் 750 முதல் 756 வரை பரவியிருக்கிறது, முழுவதும் அந்தப் பகுதிக்குள். 747 சேனலோ 744இல் தொடங்குகிறது, அதனால் முதல் 2 மெகாஹெர்ட்ஸ் தப்பிவிடுகிறது. 753 அதிகம் கெட்டிருப்பதற்கும் 747 சற்றுக் குறைவாகக் கெட்டிருப்பதற்கும் காரணம் அதுவே. கோஆக்சியல் கம்பி ஒழுங்காகக் கவசம் போர்த்தியிருந்தால் கோபுரம் எதிர் வீட்டு மாடியிலேயே இருந்தாலும் உள்ளே புகாது. புகுந்திருக்கிறது என்றால் கவசம் எங்கோ திறந்திருக்கிறது.

எண்ணிக்கையை விகிதமாக்குவது

97,313 என்பது பெரிய எண்ணா சிறியதா? மோடம் எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாமல் சொல்ல முடியாது. அதனால் இரண்டு முறை படமெடுங்கள், நடுவே பத்து நிமிடம் விட்டு. பத்து நிமிடத்தில் 753 சேனலின் எண் 97,313இலிருந்து 1,51,800 ஆனது. கூடியது 54,487.

256 க்வாம் சேனல் ஒன்றில் வினாடிக்கு ஏறத்தாழ 45,000 தரவுக் கட்டங்கள் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் இணையத்தைத் தொடாவிட்டாலும். பத்து நிமிடத்துக்கு 2.7 கோடி. அதில் 54,487 கெட்டது 0.2 விழுக்காடு. அற்பமாகத் தோன்றும். ஆனால் 1500 பைட் பாக்கெட் ஒன்று 14 கட்டங்களில் பரவிக் கிடக்கும், ஒன்று கெட்டாலும் பாக்கெட் போயிற்று. பிழைகள் சீராகத் தூவியிருந்தால் அந்தச் சேனலில் வரும் நூறு பாக்கெட்டில் கிட்டத்தட்ட மூன்று தொலையும். உண்மையில் பிழைகள் கொத்துக்கொத்தாக வருவதால் இழப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். என்றாலும் ஒவ்வொரு இழப்பின்போதும் பிணைந்திருக்கும் எல்லா சேனல்களின் வரிசையும் ஒரு கணம் தடுக்கி நிற்கும் என்பதை நினைத்தால் குரல் உடைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாறாக, ஒரு மாதம் ஓடிய மோடத்தில் ஒரு சேனலில் 200 என்று இருந்து, பத்து நிமிடம் கழித்தும் 200ஆகவே நின்றால் அதை மறந்துவிடலாம். எப்போதோ யாரோ கம்பியைக் கழற்றி மாட்டியிருப்பார்கள்.

புதிய டாக்சிஸ் 3.1 மோடமாக இருந்தால் அட்டவணையில் ஒரு வரி மட்டும் வித்தியாசமாகத் தெரியும். பண்பேற்றம் `OFDM` என்றோ, சில மோடங்களில் `Other` என்றோ இருக்கும். அது 6 மெகாஹெர்ட்ஸ் துண்டு அல்ல, 192 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமுள்ள ஒரே பெரிய சேனல். அதில் `Corrected` கோடிக்கணக்கில் ஏறுவது இயல்பு, பதற வேண்டாம். அந்த வரியிலும் நீங்கள் பார்க்க வேண்டியது `Uncorrectables` மட்டுமே.

அப்ஸ்ட்ரீம்: தலைகீழாக வாசிக்க வேண்டிய அட்டவணை

கீழே `Upstream Bonded Channels`. அக்கா வீட்டில் நான்கு சேனல்கள், 16.4, 22.8, 29.2, 35.6 மெகாஹெர்ட்ஸில், ஒவ்வொன்றும் 6.4 அகலம். வட அமெரிக்காவின் பழைய கேபிள் அமைப்பில் மேலே அனுப்ப 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இடம். அதனால்தான் கேபிளில் அப்லோடு எப்போதும் டவுன்லோடைவிட இவ்வளவு மெலிந்திருக்கிறது.

இங்கே `Power` என்பதன் பொருளே வேறு. இது உங்களுக்கு வந்த வலு அல்ல, உங்கள் மோடம் கத்தும் வலு. சிஎம்டிஎஸ் எல்லா வீட்டு மோடங்களின் குரலும் தன் காதில் ஒரே அளவில் விழ வேண்டும் என்று விரும்பும். கேட்கவில்லை என்றால் 'இன்னும் உரக்க' என்று சொல்லும், மோடம் ஏற்றும். ஆகவே இந்த எண் உயர்ந்திருந்தால் வழியில் இழப்பு அதிகம் என்று அர்த்தம். 35 முதல் 48 வரை பொதுவாகச் சரி.

பாண்டிங் இங்கே ஒரு விலை கேட்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மோடத்தின் மொத்தத் திறனை எல்லா சேனல்களும் பங்கிட வேண்டும். டாக்சிஸ் 3.0இல் 64 க்வாமில் ஒரே சேனலில் அனுப்பும்போது 57 டிபிஎம்வி வரை போகலாம். இரண்டில் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 54. மூன்றிலோ நான்கிலோ என்றால் 51தான் கூரை. பழைய மோடத்தில் ஒரே சேனலில் 53இல் ஓடிக்கொண்டிருந்த வீட்டில் புதிய மோடம் வைத்ததும் நான்காவது சேனல் விட்டுப்போவது இதனால்தான். நிறுவனத்தின் பக்கமிருந்து அதைப் பகுதிச் சேவை என்பார்கள். மோடம் எழுந்து நிற்கும், இணையமும் வரும், அப்லோடு மட்டும் குறையும்.

அக்காவின் எண்கள் 47.5 முதல் 48.3. கூரைக்கு மூன்று டெசிபல்கூட மிச்சமில்லை. வெயிலில் கம்பியின் இழப்பு கொஞ்சம் கூடினால் தட்டிவிடும்.

இந்தப் பக்கம் காட்டாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்ஸ்ட்ரீமின் `SNR` இங்கே இருக்காது. அது சிஎம்டிஎஸுக்குத்தான் தெரியும், ஏனென்றால் நூற்றுக்கணக்கான வீடுகளின் இரைச்சல் எல்லாம் ஒரே கம்பியில் திரண்டு அங்கேதான் சேர்கிறது. நமக்குக் கிடைக்கும் தடயம் `Event Log` மட்டுமே. அதில் `T3 time-out` என்று வந்தால் உங்கள் மோடம் கூப்பிட்டும் மேலிருந்து பதில் வரவில்லை. பதினாறு முறை தொடர்ந்து பதில் இல்லாவிட்டால் மோடம் அந்தச் சேனலைக் கைவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாளுக்கு ஒன்றிரண்டு T3 இருந்தால் விட்டுவிடலாம். மணிக்குப் பத்து வந்து, உங்கள் `Power` 42 போன்று நல்ல இடத்தில் இருந்தால், இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்துகூட வரலாம். அதை நீங்கள் சரிசெய்ய முடியாது.

கம்பியைத் தேடிப் போவது

அக்காவிடம் சுவரிலிருந்து மோடம் வரை கம்பியைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னேன். தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால் ஒரு நான்கு வழி ஸ்ப்ளிட்டர். ஒரு முனையில் மோடம். இன்னொன்றில் படுக்கையறைக்குப் போகும் நீண்ட கம்பி, மறுமுனையில் எதுவும் இல்லை. மற்ற இரண்டும் வெறுமையாகத் திறந்து கிடந்தன. உள்ளே வரும் கம்பியின் கனெக்டரை விரலால் தொட்டதும் சுழன்றது. "இது ஆடுதுடா" என்றாள். அலை உள்ளே புகுந்த வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நான்கு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு முனைக்கும் ஏறத்தாழ 7 டெசிபலைத் தின்னும், இரு திசையிலும். அவர்கள் வீட்டில் கேபிள் டிவியே இல்லை, எல்லாம் இணையம் வழிதான். ஆகவே ஸ்ப்ளிட்டருக்கு வேலையே இல்லை. அதைக் கழற்றிவிட்டு, இரண்டு கம்பிகளையும் நேராக இணைக்கும் எஃப்-81 உருளை ஒன்றைக் கடையில் வாங்கச் சொன்னேன். மாட்டும்போது கையால் திருகியபின் 7/16 அங்குல ஸ்பானரால் இறுக்க வேண்டும், ஆனால் முரட்டு பலம் கூடாது. திருகாமல் வெறுமனே தள்ளிச் செருகும் வகைக் கனெக்டர் இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். ஸ்ப்ளிட்டர் கட்டாயம் தேவைப்படும் வீடுகளில் இரண்டு வழி போதும், இழப்பு 3.5 டெசிபல். வெறும் முனைகளுக்கு 75 ஓம் மூடி போட வேண்டும்.

வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கம்பியைப் பூமியோடு இணைக்கும் பித்தளைக் கட்டையைக் கழற்றக் கூடாது. அது மின்னலுக்கான பாதுகாப்பு. வெளியே கம்பத்திலோ தரைப் பெட்டியிலோ இருப்பவை நிறுவனத்தின் சொத்து, அவற்றையும் தொடக் கூடாது.

மாட்டி முடித்து மோடம் எழுந்ததும் அக்கா மறுபடி படம் அனுப்பினாள். டவுன்ஸ்ட்ரீம் `Power` -3இலிருந்து +4க்கு வந்திருந்தது. அப்ஸ்ட்ரீம் 48இலிருந்து 41. ஸ்ப்ளிட்டர் தின்ற ஏழு டெசிபல் இரண்டு அட்டவணையிலும், ஒன்றில் ஏறியும் ஒன்றில் இறங்கியும், அப்படியே தெரிந்தது. 753 சேனலின் `SNR` 37.6. 747இன் அளவு 38.0.

இதைச் செய்தும் எண்கள் அசையவில்லை என்றால் மோடத்தைத் தூக்கிக்கொண்டு கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கே போய், குட்டிக் கம்பியால் நேராக மாட்டிப் பாருங்கள். அங்கே சேனல்கள் சுத்தமாக இருந்தால் கோளாறு உங்கள் சுவருக்குள். அங்கேயும் கெட்டிருந்தால் வெளியே. அப்போதுதான் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது 'நெட் மெதுவா இருக்கு' என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். '747, 753 மெகாஹெர்ட்ஸில் மட்டும் எஸ்என்ஆர் 31க்குக் கீழே, பத்து நிமிடத்தில் 54,000 திருத்தமுடியாப் பிழை, நுழைவிடத்திலேயே இப்படித்தான்' என்று நேரத்தோடு சொல்லி இரண்டு படங்களையும் காட்டினால், வரும் ஆள் நேராகக் கம்பத்துக்குப் போவார். அவருக்கும் அந்தக் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை உண்டு. அலை உள்ளே புகும் ஓட்டை வழியே கேபிளின் சிக்னல் வெளியேயும் கசியும், விமானத் தகவல்தொடர்பு அலைவரிசையில் அப்படிக் கசிவதற்கு அமெரிக்காவில் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் கட்டுப்பாடு உண்டு.

அக்கா வீட்டில் அதற்குத் தேவை வரவில்லை. ஒரு வாரம் கழித்து, மோடத்தை இடையில் அணைக்காமல், மீண்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 16 வரியிலும் `Uncorrectables` 0. 753இல் மட்டும் `Corrected` 212.